தொலைந்த போனுக்கு மூன்று சொல்

செல்வி, தங்கச்சிமடம்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் மகளிர் குழுவில் போன் தொலைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கத் தாள், வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஜெராக்ஸுக்குப் போகணும். கூகுளின் கண்டுபிடிக்கும் திரையில் வருகிற மூன்று விஷயத்துக்குத் தமிழ்ச்சொல் தேவை. Last seen, Mark as lost, அப்புறம் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழிப்பது (என் போனில் Factory reset, பழைய போன்களில் Erase device).

ஏன் இந்தப் பாடு என்றால், போன மாதம் என் நாத்தனார் வீட்டில் நடந்தது. அவர் வீட்டுக்காரர் விடியக்காலம் பாம்பனிலிருந்து நாட்டுப்படகில் கிளம்பினார். ஐந்தரைக்குக் கூட வந்த பையன் போனிலிருந்து கூப்பிட்டு "என் போனைக் காணோம், கரையில் விட்டேனா பாருங்க" என்றார். அதோடு அவர்களுக்கும் டவர் போய்விட்டது. ஏழு மணிக்கு மகன் அப்பாவின் கணக்கில் நுழைந்து பார்த்தால் மேப்பில் கரையோரமாக ஒரு புள்ளி, பக்கத்தில் Last seen, 4.50. அவன் புள்ளியைப் பார்த்தான், நேரத்தைப் பார்க்கவில்லை. போய் வலைக் குவியல் எல்லாம் புரட்டிவிட்டு, டீக்கடையில் விசாரித்துவிட்டு, ஒன்பது மணிக்கு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பேங்க் ஆப் இருக்கிறதே என்ற பயத்தில் அழிக்கிற பொத்தானை அழுத்திவிட்டான். போன் தொடர்பில் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. சரி, வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டான்.

போன் படகில்தான் இருந்தது, வலைக்கு அடியில். மூன்று மணிக்குப் படகு கரையை நெருங்க, டவர் கிடைத்ததும் காலையில் போட்ட கட்டளை வந்து சேர்ந்துவிட்டது. வலையை உதறும்போது கீழே விழுந்த போனில் மொழியைத் தேர்ந்தெடு என்று புதுப் போன் மாதிரித் திரை. மகள் கல்யாணப் போட்டோ எதற்கும் நகல் கிடையாது.

அந்த மூன்று சொல்லும் தமிழில் சரியாக இருந்திருந்தால் அவன் நின்று யோசித்திருப்பானோ என்று எனக்கு ஒரு எண்ணம். பரிந்துரை தாருங்கள்.

பழனிவேல், பரமக்குடி

அன்புள்ள செல்விக்கு. "கடைசியாகக் காணப்பட்ட இடம்" என்று பலரும் எழுதுகிறார்கள். செயப்பாட்டு வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். இங்கே கண்டவர் யார்? ஒருவரும் இல்லை. ஆகவே "இறுதியிடம்" என்று சுருக்குக. இரண்டாவதற்கு "இழவு நிலை". இழவு என்றால் இழப்புத்தான். ஊழ் அதிகாரத்திலேயே "இழவூழ்" என்று வள்ளுவர் ஆண்டிருக்கிறார். மூன்றாவதற்கு "சேய்மை அழிப்பு". அண்மைக்கு எதிர் சேய்மை.

மீனா, சென்னை (ஊர் தொண்டி)

ஐயா, கோபிக்கக் கூடாது. இறுதியிடம், இழவு நிலை, அழிப்பு. தாளை வாங்கிப் பார்க்கிறவர்கள் கருமாதிப் பத்திரிகை என்று நினைத்து மடித்து வைத்துவிடுவார்கள்.

இழவு என்ற சொல் ஒரு காலத்தில் என்னவாக இருந்தாலும் இன்றைக்கு எங்கள் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான். பத்து வருடமாக மென்பொருள் மொழிபெயர்க்கிறேன், என் அனுபவத்தில் திரையில் வரும் சொல்லை யாரும் அகராதி பார்த்துப் படிப்பதில்லை. பதற்றத்தில் அரை நொடி பார்த்துவிட்டு அழுத்துவார்கள்.

என் கவலை வேறு. "தொலைந்த நிலை", "தொலைநிலை அழிப்பு" என்று எழுதினால் ரெண்டிலும் தொலை வருகிறது. ஒன்று காணாமல்போனது, ஒன்று தூரம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழப்பம்தான்.

பழனிவேல், பரமக்குடி

அதுதானே சுவை! தொலைதல் என்றால் பழைய பாட்டுகளில் கெடுதல், தோற்றல். தொலைவு தூரம். "பணத்தைத் தொலைத்துவிட்டான்" என்பது இழத்தல். கண்ணுக்கு எட்டாமல் போவதுதான் மூன்றுக்கும் அடிப்படை என்பது என் நெடுநாள் எண்ணம். கெட்டது கண்ணுக்கு எட்டாது, தூரத்தில் இருப்பது எட்டாது, இழந்ததும் எட்டாது. தொலைபேசி என்று பெயர் வைத்தபோதே அது ஒருநாள் தொலையும் என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. "தொலைந்த" தன்வினை, "தொலைத்த" பிறவினை. போன் தானாகவா தொலைகிறது? நாம்தான் தொலைக்கிறோம். பொறுப்பை ஏற்றுத் "தொலைத்த நிலை" என்றே சொல்வோம்.

அந்தோணி, பாம்பன்

எதற்கு இவ்வளவு சுற்று? ஐ.எம்.இ.ஐ. நம்பரைப் போலீஸில் கொடுத்தால் போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டிவிடுவார்களே. என் மச்சான் போனுக்கு அப்படித்தான் செய்தோம். `*#06#` அடித்தால் நம்பர் வரும். அதைத் தாளில் போடுங்கள், போதும்.

அமீர், கீழக்கரை

அந்தோணி அண்ணே, பாதி சரி. அந்த நம்பரை முன்னாடியே எழுதி வைத்திருக்க வேண்டும், தொலைந்த பிறகு எந்தப் போனில் அடிப்பீர்கள்? பெட்டியில் ஒட்டியிருக்கும், பெட்டியை யாரும் வைத்திருப்பதில்லை. புகார் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அந்தப் போனை எந்த சிம்மிலும் வேலை செய்யாமல் தடுப்பார்கள். அதில் உங்களுக்கு மேப் வராது. செல்வி அக்கா கேட்பது வேறு திரை.

செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பையன் செய்த தப்பைத்தான் வாரத்துக்கு ஒருவர் வந்து சொல்கிறார்கள். போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் கூகுளுக்குத் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்காது. கடைசியாக எப்போது பேசியதோ அப்போது இருந்த இடம்தான் அந்தப் புள்ளி. பேட்டரி தீர்ந்தாலும், தண்ணீரில் விழுந்தாலும், கடலுக்குள் போனாலும் புள்ளி அங்கேயேதான் நிற்கும். அதனால் முதலில் நேரம், அப்புறம் இடம். அடுத்தது புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வரும், போன் அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காமல் டவரை வைத்துக் கணக்குப் பண்ணினால் வட்டம் ரொம்பப் பெரிதாகும், நம்ம பக்கம் பாதி கடலில் விழும். நடுப்புள்ளியில் போய்த் தோண்டுவதில் அர்த்தமில்லை.

அழிப்பதற்கு முன்னால் Mark as lost. போன் பூட்டிக்கொள்ளும், எடுத்தவர் பார்க்க ஒரு செய்தியும் ஒரு நம்பரும் திரையில் நிற்கும். அங்கேயும் ஒரு கூத்து, தொலைந்த போனின் நம்பரையே போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. வீட்டுக்காரம்மா நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் ஏதாவது போடுங்கள். போன் வீட்டுக்குள்ளேயே எங்கோ என்றால் Play sound, சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிஷம் அடிக்கும்.

ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அப்புறம் இந்தத் திரையில் அந்தப் போனைத் தேட முடியாது. அதுதான் கடைசிப் பொத்தான். இன்னொன்று, மெமரி கார்டில் இருப்பது அழியாமல் போகலாம்.

எங்க காக்கா துபாயில் ஐபோனைத் தொலைத்தார். அதில் கொஞ்சம் வேறு மாதிரி, புது ஐபோனை அழித்த பிறகும் தேடலாம். ஆனால் திரையில் நம்பர் போட்ட ரெண்டாம் நாள் "உங்கள் போன் கிடைத்தது, இங்கே நுழைந்து பாருங்கள்" என்று ஒரு லிங்க் வந்தது. ஆப்பிள் பெயரில் திருட்டுப் பக்கம். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் பூட்டை அவரே கழற்றிக் கொடுத்த மாதிரி. அதையும் ஒரு வரி போடுங்கள் அக்கா.

அந்தோணி, பாம்பன்

அமீர் சொன்னது இப்போது விளங்குது. வலை விட்ட இடம் எனக்குத் தெரியும், ஆனால் வலை இப்போது எங்கே கிடக்கிறது என்பது நீரோட்டத்தைப் பொறுத்தது. நாலரைக்கு விட்ட இடத்தில் ஒன்பது மணிக்குப் போய் அள்ள முடியுமா? எங்கள் பேச்சில் "விட்ட இடம்" என்றால் எல்லாருக்கும் புரியும். அதையே போடுங்கள்.

மீனா, சென்னை

"விட்ட இடம்" அழகுதான் அண்ணே. ஆனால் பஸ்ஸில் திருடு போனதை யாரும் விடவில்லையே. வாட்ஸ்அப்பிலும் இதே லாஸ்ட் சீன் இருக்கிறது, அங்கே அது ஆள் கடைசியாக உள்ளே வந்த நேரம், இடமே கிடையாது. ஒரே ஆங்கிலச் சொல், ரெண்டு வேலை. நேரத்தை முன்னால் தள்ளுகிற மாதிரி "கடைசித் தகவல்" எப்படி? "கடைசித் தகவல்: காலை 4.50, பாம்பன் கரை." தகவல் பழசாகலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இடம் என்று சொன்னால்தான் ஓடத் தோன்றுகிறது.

மூன்றாவதற்கு "முழுத்துடைப்பு". அழி என்றால் போனையே உடைத்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, ரப்பர் வைத்து அழிக்கிற மாதிரி என்று லேசாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

பழனிவேல், பரமக்குடி

தகவல் தமிழன்று. "கடைச்செய்தி" எனலாம்.

அமீர், கீழக்கரை

ஐயா, கடைச்செய்தி என்றால் என் கடையில் ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்று வந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மூன்றையும் லாஸ்ட் சீன், மார்க் ஆஸ் லாஸ்ட், ரீசெட் என்றே எழுதலாம். திரை இங்கிலீஷில்தான் வரும், நீங்கள் தமிழில் ஒன்று எழுதினால் ரெண்டையும் பொருத்திப் பார்ப்பது யார்?

செல்வி, தங்கச்சிமடம்

அமீர் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியாதவர் எங்கள் குழுவில் பாதிப்பேர். அதனால் திரையில் வருவதை அப்படியே பெரிதாக அச்சடித்து அடியில் தமிழ் போடுகிறேன்.

நேற்று மாலை நாத்தனாரிடம் வாசித்துக் காட்டினேன். "கடைசித் தகவல்" உடனே புரிந்தது. "தொலைந்த நிலை" என்றதும் "அது தெரிஞ்சதுதானே, தொலைஞ்சுபோச்சு, அதை எதுக்கு அழுத்தணும்?" என்றார். பெயர் நிலையைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. "தொலைத்த நிலை" என்றதற்கு அவர் வீட்டுக்காரர் முறைத்தார், ஐயா மன்னிக்கணும். "பூட்டிச் சேதி வை" என்று நானாகச் சொன்னேன், அது போதும் என்றார். "முழுத்துடைப்பு" என்றால் கண்ணாடியைத் துடைப்பதா என்று கேட்டார்.

மீனா, சென்னை

"பூட்டிச் சேதி வை" கலைச்சொல் ஆகாது அக்கா, வாக்கியம். ஆனால் பொத்தானில் ஏவல் வினை இருப்பது தப்பில்லை. மூன்றாவதையும் அப்படியே "எல்லாம் அழி" என்று வைத்து, அடியில் "போன் தொடர்பில் இல்லாவிட்டாலும் கட்டளை காத்திருக்கும், தொடர்பு வந்ததும் அழியும்" என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பையன் அறியாமல் விட்டது அந்த ஒரு வரிதான்.

பழனிவேல், பரமக்குடி

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். தகவலுக்கு மட்டும் உடன்பாடில்லை என்று குறித்துக்கொள்ளவும். "சேய்மை" பற்றித் தனியே ஒரு மடல் எழுதுவேன்.

செல்வி, தங்கச்சிமடம்

தாள் கடைக்குப் போய்விட்டது. "கடைசித் தகவல்", "பூட்டிச் சேதி வை", "எல்லாம் அழி". இருபத்தைந்து பிரதி. அடியில் ஐ.எம்.இ.ஐ. எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறேன், அந்தோணி அண்ணனுக்காக.

அந்தோணி, பாம்பன்

கட்டத்துக்கு நன்றிம்மா. விட்ட இடம் போடலையா?