முட்டையிடத் தொடங்கிய வாரத்தில் ஆசனவாயில் கொத்து: எங்கள் கொட்டகை அனுபவம்

தொடங்கியவர்:
200 பெட்டைக் கோழிகளைக் குஞ்சிலிருந்தே 300 சதுர அடிக் கொட்டகையில் ஆழ்கூளத்தில் வளர்த்து வந்தேன். இருபதாவது வாரத்தில், முட்டைகள் வரத் தொடங்கிய நான்காம் நாள் காலையில், மூன்று கோழிகள் பின்பகுதி கிழிந்து, குடல் முற்றிலும் உருவப்பட்ட நிலையில் இறந்து கிடந்தன. கீரியின் வேலை என்று எண்ணி, வலையைச் சரிபார்த்துப் பொறியும் வைத்தேன். மறுநாள் பட்டப்பகலிலேயே, முட்டையிட்டு எழுந்த ஒரு கோழியின் பின்னால் ஐந்தாறு கோழிகள் துரத்திச் சென்று கொத்துவதை என் கண்ணாலேயே பார்த்தேன். மேலும் பலவற்றின் முதுகும் வால் அடியும் மொட்டையாகிவிட்டன. இதைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி:
இது உப்புக் குறைவு. குடிநீரில் உப்பைக் கலந்து கொடுங்கள், ஒரே நாளில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது.

இரண்டாம் மறுமொழி:
இறகு உதிர்வது இயற்கைதானே? என் கோழிகளும் ஆண்டுக்கொரு முறை மொட்டையாகி, பின் புதிதாக முளைக்கின்றன. கவலைப்பட வேண்டாம்.

முட்டைக்கோழிப் பண்ணையில் நெடுநாள் பணியாற்றியவர்:
இறகுதிர்வில் பழைய இறகு தானாக விழுந்து, அந்த இடத்தில் புது முளை தெரியும். பிடுங்கப்பட்ட இடத்தில் இறகுத் தண்டு முறிந்திருக்கும், தோலில் இரத்தப் புள்ளிகளும் காணப்படும். இவர் சொல்வது இறகுதிர்வு அன்று. கீரியாக இருந்திருந்தால் கழுத்தில் பல் தடம் இருந்திருக்கும்.

உப்புக் குறைவும் கொத்தலைத் தூண்டும் என்பது உண்மையே. ஆனால் தீவனத்தில் உப்பு போதுமான அளவு இருக்கும்போது நீரிலும் சேர்த்தால் அது நஞ்சாகும். ஆகவே முதலில் தீவனக் கலவையில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்ன நாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முட்டையிடும்போது ஆசனவாயின் உட்சவ்வு சில நொடிகள் சிவந்து ஈரமாக வெளியே தெரியும், பின் தானாக உள்ளே போகும். இருண்ட, மறைவான முட்டைப் பெட்டியில் இது நிகழ்ந்தால் வேறு கோழி எதுவும் அதைப் பார்ப்பதில்லை. வெளிச்சமான தரையில் நிகழ்ந்தால் அச்சிவப்பைப் பார்த்து ஒரு கோழி கொத்தும், இரத்தம் வந்தவுடன் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். எத்தனை முட்டைப் பெட்டிகள் வைத்திருக்கிறீர்கள்? விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது?

தொடங்கியவர்:
பெட்டிகள் 14. கீரி பயத்தால் இரண்டு நூறு வாட் குண்டு விளக்குகளை விடிய விடிய எரியவிட்டிருந்தேன்.

பண்ணையில் பணியாற்றியவர்:
காரணம் அங்கேதான் இருக்கிறது. ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் உங்களுக்கு 40 வேண்டும். கோழி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர அடிதான் கிடைக்கிறது, இரண்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரவு விளக்கை நிறுத்துங்கள், பகல் நீளத்தோடு சேர்த்து 14 மணி நேரம் ஒளி இப்போதைக்குப் போதும். காயம்பட்டவற்றை இன்றே பிரித்து, காயம் ஆறி இறகு மூடும் வரை திரும்பச் சேர்க்காதீர்கள். தாழ்வான பரண்களை உயர்த்துங்கள், ஏனெனில் அவற்றில் அமரும் கோழியின் பின்பகுதி கீழே நிற்பதன் அலகுக்கு நேரே வருகிறது.

மற்றொரு உறுப்பினர்:
எனக்குக் குஞ்சுகளில் வந்தது. பத்தாம் நாளில் ஒன்றன் விரலை மற்றொன்று கொத்தியது. அடைகாப்பானில் வெப்பம் அதிகமாக இருந்ததே காரணம். விளக்கை உயர்த்தியபின் நின்றது.

தொடங்கியவர், பன்னிரண்டு நாள்களுக்குப் பின்:
எழுபது கோழிகளைப் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றினேன். 26 பெட்டிகள் கூடுதலாகச் செய்து, முகப்பில் சாக்குத் திரை தொங்கவிட்டேன். தீவனத்தில் உப்பு சரியாகவே இருந்ததால் நீரில் எதையும் சேர்க்கவில்லை. குச்சித் தீவனத்தை நிமிடங்களில் தின்று முடித்துவிட்டு வேலையற்று நின்றதைக் கவனித்து, மாவுத் தீவனத்துக்கு மாற்றினேன், கீரைக்கட்டுகளைக் கொக்கியில் மாட்டினேன். நான்காம் நாளுக்குப் பின் ஆசனவாய்க் கொத்து ஒன்றுகூட நிகழவில்லை. ஆனால் முதுகு இறகு பிடுங்குவது குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. அலகை வெட்டிவிடலாமா?

பண்ணையில் பணியாற்றியவர்:
இந்த வயதில் வேண்டாம். வலி நீடிக்கும், முட்டையிடும் பருவத்தில் தீவனம் எடுப்பதும் குறையும். பிடுங்கிப் பழகியவை ஓரிரண்டாக இருக்கலாம். மாலையில் அரை மணி நேரம் நின்று பார்த்து, அவற்றுக்கு அடையாளமிட்டுத் தனியே வைத்துப் பாருங்கள்.

முதல் மறுமொழி எழுதியவர்:
என் அனுபவத்தில் அலகு வெட்டினால்தான் முழுதாக நிற்கும்.

தொடங்கியவர்:
நேற்று மாலை பார்த்ததில் இரண்டு கோழிகள் அகப்பட்டன. மற்றவற்றில் புதுக்காயம் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அலகைத் தொடப் போவதில்லை.