"ராஸ்டரைஸ்" என்பதற்கு எந்தச் சொல்: கட்டவெண்ணலா, கட்டத்திரட்டலா?

தர்ஷினி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு பஸ்களின் ஜிபிஎஸ் பதிவுகளைப் பைதனில் வரைவது பற்றித் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதி வருகிறேன். கையில் இருப்பவை 40 மில்லியன் வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நெட்டாங்கும் ஓர் அகலாங்கும் வேகமும் உள்ளன. வழக்கமான `scatter` கட்டளை ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி வட்டமாக வரைவதால், நெடுநேரம் காத்திருந்த பின்னரும் காலி வீதியும் அதன் குறுக்கு ஒழுங்கைகளும் ஒரே மைக்கறையாகவே தெரிகின்றன. `datashader` நிரல்தொகுதி வேறு வழியில் போகிறது. படப்பரப்பை முதலில் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் நிறமிடுகிறது.

```python
cvs = ds.Canvas(plot_width=500, plot_height=700,
                x_range=(79.84, 79.94), y_range=(6.84, 6.98))
agg = cvs.points(df, 'lon', 'lat', agg=ds.count())
img = tf.shade(agg, how='eq_hist')
```

இங்கே ஒரு கட்டத்தின் பக்கம் 0.0002 பாகை, அதாவது ஏறத்தாழ 22 மீற்றர். 40 மில்லியன் புள்ளிகள் 350,000 எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. புள்ளிகள் இன்னும் பெருகினாலும் நிறமிடும் வேலை கூடுவதில்லை. முதல் முறை ஓடும்போது மட்டும் நிரல் தொகுக்கப்படுவதால் சில செக்கன்கள் கூடுதலாகும். அதை வைத்து வேகத்தை மதிப்பிடக் கூடாது. இந்தச் செயலை ஆங்கிலத்தில் "ராஸ்டரைஸ்" என்கிறார்கள். நான் "கட்டவெண்ணல்" என்று எழுத எண்ணியுள்ளேன். உங்கள் கருத்து என்ன?

குகன், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, இதற்குப் புதுச்சொல் தேவையா என்று தெரியவில்லை. நாங்கள் அச்சகத்தில் கோட்டோவியத்தைப் படமாக மாற்றுவதற்கு "படமாக்கல்" என்றுதான் சொல்லி வருகிறோம். சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த பிடிஎஃப் கோப்பில் புள்ளி வரைபடம் ஒன்று இருந்தது. அதைத் திறக்கவே கணினி திணறியது. `rasterized=True` என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி எடுத்து வரச் சொன்னேன், கோப்பு சிறுத்துவிட்டது. நீங்கள் கேட்பதும் இதைத்தானே?

தர்ஷினி

இல்லை, குகன் அண்ணா. ஆனால் நீங்கள் சொன்னதால்தான் என் சிக்கல் எனக்கே தெளிவானது. நீங்கள் குறிப்பிடும் கட்டளையில் 40 மில்லியன் வட்டங்களும் முதலில் ஒன்றின்மேல் ஒன்றாக வரையப்படுகின்றன. அதன் பிறகே அந்த ஓவியம் பிக்சல்களாகிறது. கோப்பு சிறுக்கும், காத்திருப்பு குறையாது, ஒரு பிக்சலின் கீழ் எத்தனை புள்ளிகள் புதைந்தன என்பதும் தெரியாது. `datashader` எந்தப் புள்ளியையும் வரைவதேயில்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குகிறது. தமிழிலும் அந்தக் குழப்பத்தை ஏன் சுமக்க வேண்டும்? "படமாக்கல்" உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நிரோஷன், தெஹிவளை

எனக்கென்னவோ இது மாதிரியெடுப்புத்தான் என்று படுகிறது. நூறில் ஒரு புள்ளியை எடுத்து, `alpha=0.01` என்று ஒளிபுகு தன்மை கொடுத்து வரைந்தால் அடர்த்தி தானாகவே தெரிந்துவிடும். நான் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். பழைய சொல் இருக்கும்போது புதியது எதற்கு?

ரிஸ்வானா, தெமட்டகொடை

நிரோஷன் தம்பி சொல்வதில் பாதி சரி. பெருவீதிகளின் பொது அமைப்பைப் பார்ப்பதற்கு மாதிரி போதும். நானும் தரவைத் திறந்தவுடன் முதலில் அதைத்தான் செய்வேன். ஆனால் ஒரு ஒழுங்கையின் கட்டத்தில் 30 புள்ளிகளே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் ஒன்றை எடுத்தால், அந்தக் கட்டம் நான்கில் மூன்று தடவை வெறுமையாகவே வரும். மறுபுறம், `alpha=0.01` என்று எல்லாப் புள்ளிகளையும் வரைந்தால், ஏறத்தாழ 460 புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததுமே நிறம் 99 வீதம் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு 500 புள்ளிகளும் 200,000 புள்ளிகளும் கண்ணுக்கு ஒன்றே. மாதிரி மெலிந்த இடத்தைத் தொலைக்கிறது, ஒளிபுகு தன்மை தடித்த இடத்தைத் தொலைக்கிறது.

தர்ஷினி, உங்கள் சொல்லிலும் எனக்கு ஒரு தடை உண்டு. `ds.count()` இருக்கும் இடத்தில் `ds.mean('speed')` என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வேகம் வரும். அங்கே விடையாக வருவது எண்ணிக்கை அல்ல. நில அளவைத் தரவுகளோடு வேலை செய்யும் எனக்கு எண்ணிக்கையைவிட உச்சமும் சராசரியுமே அதிகம் தேவைப்படுகின்றன. ஆகவே எண்ணல், சராசரி, உச்சம் எல்லாவற்றையும் தாங்கும்படி "கட்டத்திரட்டல்" என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு.

சிவபாதம், பம்பலப்பிட்டி

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். "கட்டத்திரட்டல்" புணர்ச்சியிலும் குறையில்லை, வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கும் விளங்கும். "படப்புள்ளி" என்ற சொல்லைப் பிக்சலுக்கு எழுதுபவர்கள் மட்டும் இவ்விடத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். தரவும் புள்ளி, திரையும் புள்ளி என்றால், "ஒரு புள்ளியில் ஆயிரம் புள்ளிகள்" என்று எழுத நேரும். எனக்கு விளங்காதது நிறம் பற்றியது. `eq_hist` என்பது என்ன செய்கிறது? அதற்கும் பெயர் வைக்க வேண்டாமா?

ரிஸ்வானா

வைக்க வேண்டும், சேர். அங்கேதான் படம் பார்ப்பவர் ஏமாறுகிறார். பஸ்கள் டிப்போவில் இரவு முழுவதும் நிற்கும்போதும் கருவி பதிவு செய்துகொண்டே இருந்தால், டிப்போவின் ஒரு கட்டத்தில் 200,000 பதிவுகள் சேரலாம்; வீதிக் கட்டங்களிலோ சில நூறுதான் இருக்கும். `how='linear'` என்று கொடுத்தால் 200,000ஐ 255 நிறப்படிகளாகப் பிரிக்க வேண்டும்; ஒரு படி கிட்டத்தட்ட 784. வீதிகள் எல்லாம் முதற்படியிலேயே அடங்கிவிட, டிப்போ மட்டும் ஒற்றைப் பொட்டாகத் தெரியும். `eq_hist` எண்ணிக்கையின் அளவை விட்டு அதன் தரவரிசையைப் பார்த்து நிறமிடுவதால் வீதிவலை முழுவதும் வெளிப்படுகிறது. ஆனால் அடர்நிறம் இரு மடங்கு என்று பொருள்படாது. வரிசையில் மேலே இருக்கிறது என்பதே பொருள். பெரிதாக்கியதும் வரிசை மாறுவதால், இரு படங்களின் நிறங்களை ஒப்பிடவும் கூடாது. "தரநிறமிடல்" எனலாமா?

சிவபாதம்

"தரம்" என்றால் நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நினைவுக்கு வரும். "வரிசைநிறமிடல்" நேராக இருக்கிறது.

நிரோஷன்

மாதிரியெடுப்பு என்ற என் கருத்தை மீளப் பெறுகிறேன், ரிஸ்வானா அக்கா. ஆனால் நேற்று தர்ஷினியின் முறையைப் பின்பற்றிக் கோட்டைப் பகுதியைச் சற்றுப் பெரிதாக்கியபோது, வீதிகளுக்குக் குறுக்கே ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழுந்தன. பஸ்கள் அப்படி ஓடாதே?

ரிஸ்வானா

உங்கள் நெட்டாங்கு எத்தனை தசம தானங்கள் என்று பாருங்கள். நான்கு என்றால், மதிப்புகள் 0.0001 பாகைக்கு ஒன்றாக மட்டுமே வரும். கட்டம் 0.0002 ஆக இருந்தபோது ஒவ்வொன்றிலும் இரு மதிப்புகள் விழுந்தன. கட்டத்தை 0.00015 ஆக்கியதும் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று மாறிமாறி விழுந்து கோடுகளாகின்றன. `eq_hist` அந்தச் சிறு வேறுபாட்டை இன்னும் ஊதிப் பெருப்பிக்கும். கட்ட அகலத்தை 0.0001இன் முழு மடங்காக வைத்துப் பாருங்கள். கோடுகள் மறைந்தால், காரணம் மட்டந்தட்டிய தசமம்தான்.

தர்ஷினி

நான்கு தானங்களேதான், கோப்பை இறக்கியபோதே மட்டந்தட்டியிருக்கிறார்கள். என் குறிப்பில் "கட்டத்திரட்டல்", "வரிசைநிறமிடல்" இரண்டையும் எழுதிவிட்டேன். கிடைக்கும் படத்தைத்தான் என்னவென்று அழைப்பதென்று தெரியவில்லை. "அடர்த்திப்படம்" எண்ணிக்கைக்குப் பொருந்துகிறது, சராசரி வேகத்துக்குப் பொருந்தவில்லை. குகன் அண்ணா, அச்சகத்தில் இப்படிப்பட்ட படங்களுக்கு ஏதாவது வழக்குச்சொல் உண்டா?

குகன்

நாங்கள் அதை "கலர் மேப்" என்கிறோம். உங்களுக்கு அது உதவாது என்று நினைக்கிறேன்.