கோவொர்க்கிங் இடத்தைக் காலி செய்தபின் டெபாசிட் வரவில்லை: நோட்டீஸ், ஒப்படைப்புச் சான்றோடு நான் எழுதிய கடிதம்

கிண்டிக்காரி

கிண்டியில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் ஆறு பேர் உட்காரும் கேபின் எடுத்திருந்தோம். ஒரு சீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய். ஆறு சீட்டுக்கு 45,000, ஜிஎஸ்டி 8,100 சேர்த்தால் 53,100. டெபாசிட் இரண்டு மாதக் கட்டணம், அதாவது 90,000. இடையில் விலக முடியாத லாக்-இன் காலம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தோம், அதில் தகராறு இல்லை.

ஒப்பந்தப்படி 60 நாள் நோட்டீஸ். 2025 ஏப்ரல் 28 அன்று மெயில் அனுப்பினேன், கடைசி நாள் ஜூன் 30 என்று அதிலேயே எழுதியிருந்தேன். மறுநாளே கிளை மேனேஜர் தேதியைக் குறிப்பிட்டு, "குறித்துக்கொண்டோம்" என்று பதில் போட்டார். ஜூன் 30 மாலை கேபினை ஒப்படைத்தோம். 45 நாளுக்குள் டெபாசிட் வரவேண்டும், ஆகஸ்ட் 14 கெடு. பணம் வரவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு கணக்குத் தாள் வந்தது: நோட்டீஸ் குறைவுக்கு ஒரு மாதக் கட்டணம் 53,100, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரீஸ்டோரேஷனுக்கு 14,160, தொலைந்த ஆக்சஸ் கார்டுக்கு 1,000. மீதி 21,740 தருவார்களாம். அதையும் அனுப்பவில்லை.

நோட்டீஸ் குறைவு எப்படி வந்தது என்றால், நாங்கள் வெளியேறுவதைப் பதியும் எக்ஸிட் டிக்கெட்டை அவர்களுடைய ஆப்பில் மேனேஜர் மே 20-இல்தான் போட்டிருக்கிறார். அதிலிருந்து 60 நாள் எண்ணி ஜூலை 19 வரை இழுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் ஆப் என்ற சொல்லே கிடையாது. ஒரு மெயில் முகவரிதான் இருக்கிறது. அந்த முகவரிக்குத்தான் நான் அனுப்பினேன்.

போனில் பேசினால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதனால் கடிதம் எழுதினேன், ஸ்பீட் போஸ்டில் அவர்களுடைய பதிவு அலுவலகத்துக்கும், மெயிலில் நோட்டீஸ் முகவரிக்கும். ஆங்கிலத்தில் அனுப்பியது. தமிழில் இங்கே:

> பொருள்: ஆறு சீட் கேபின், பாதுகாப்பு டெபாசிட் ரூ. 90,000 திரும்பக் கோருதல்
>
> எங்கள் ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு 28.04.2025 அன்று வெளியேறும் அறிவிப்பு அனுப்பினோம் (இணைப்பு அ). கடைசி நாள் 30.06.2025 என்பதை ஏற்று உங்கள் கிளை மேலாளர் 29.04.2025 அன்று பதில் அனுப்பினார் (இணைப்பு ஆ). இடைவெளி 63 நாள். ஒப்பந்தம் கேட்பது 60 நாள்.
>
> 30.06.2025 மாலை கேபின் ஒப்படைக்கப்பட்டது. ஆக்சஸ் கார்டு 6, கேபின் சாவி 2, டிராயர் சாவி 6, ஏசி ரிமோட் 1 பெற்றுக்கொண்டதாக உங்கள் ஊழியர் நேரம் குறித்துக் கையெழுத்திட்ட தாள் இணைப்பு இ. அன்று எடுத்த படங்கள் இணைப்பு ஈ. ஜூன் மாதம் வரையிலான எல்லா இன்வாய்ஸும் செலுத்தப்பட்டதற்கான வங்கி விவரம் இணைப்பு உ.
>
> உங்கள் பிடித்தங்களில் முதலாவதை ஏற்க இயலாது. அறிவிப்பு ஏப்ரல் 28-இலேயே உங்களை அடைந்தது. உங்கள் உள் டிக்கெட் எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்பது எங்களைக் கட்டுப்படுத்தாது. இதில் ஜிஎஸ்டி பிடித்திருப்பதால், அதை வலியுறுத்துவதானால் ஜூலை மாதத்துக்கான வரி இன்வாய்ஸையும், அம்மாதத்தில் கேபின் எங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததற்கான ஆதாரத்தையும் அனுப்பவும். கார்டு பிடித்தம் இணைப்பு இ-க்கு முரணானது. ரீஸ்டோரேஷன் பிடித்தத்துக்கு, என்ன சேதம், என்ன வேலை, யாருக்குக் கொடுத்த பில் என்பதைத் தரவும்.
>
> 15 நாளுக்குள் முழுத் தொகையையும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும். தவறினால் 14.08.2025 முதல் வட்டியுடன் சட்டப்படி கோருவோம். தகராறு இல்லாத ரூ. 21,740-ஐ மற்றவற்றுக்காக நிறுத்திவைக்கக் காரணமில்லை. அதை உடனே அனுப்பவும். அதைப் பெற்றுக்கொள்வது முழுத் தீர்வாகாது.

கடைசி வரியை வேண்டுமென்றே போட்டேன். அவர்கள் அனுப்பிய தாளின் அடியில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் மீதிக்கு வாயே திறக்க முடியாது.

திருப்பூர் மணி

இதுக்கு ஏன் மேடம் இவ்ளோ கஷ்டம்? உத்யம் பதிவு இருக்கில்ல? சின்ன கம்பெனிங்க பாக்கிக்குக் கம்ப்ளைன்ட் போடுற எம்எஸ்எம்இ சமாதான்ல போடுங்க. 45 நாளுக்கு மேல போனா கூட்டு வட்டியோட வாங்கிக் குடுப்பாங்க. எனக்கு ஒரு பார்ட்டி பாக்கி அப்படித்தான் வந்துச்சு.

கணக்குப்பிள்ளை

மணி அண்ணா, உங்களுக்கு வந்தது நீங்கள் விற்ற சரக்குக்கான பாக்கி. அந்தச் சட்டம் சிறு நிறுவனம் விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் காசு வராதபோதுதான். இங்கே சேவை வாங்கியவர் இவர். கொடுத்து வைத்த டெபாசிட்டைத் திரும்பக் கேட்கிறார். அங்கே போட்டால் நிற்காது.

ஆனால் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் கேட்டாரே, அது நல்ல பிடி. டெபாசிட் வாங்கும்போது அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, ஏனென்றால் அது திரும்பக் கொடுக்கவேண்டிய பணம். அதையே கட்டணத்தில் கழித்துக்கொண்டால்தான் அது சேவைக்கான விலையாகிறது. அப்போது இன்வாய்ஸ் போட வேண்டும், வரியைக் கட்ட வேண்டும், நமக்கு இன்புட் கிரெடிட்டும் வர வேண்டும். 8,100 பிடித்துவிட்டு இன்வாய்ஸ் இல்லை என்றால் அவர்கள் கணக்குத் துறைக்கே பதில் சொல்லத் தெரியாது. உங்களுக்கு வரும் இன்புட் கிரெடிட்டைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அந்த இன்வாய்ஸ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினால் இன்னும் உறுதியாக இருக்கும்.

அம்பத்தூர் அம்மா

எங்களுக்கும் இதேதான் நடந்தது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த வீடு. காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்கணும், குழாய் மாத்தணும்னு ஒரு மாத வாடகைக்கு மேல பிடிச்சிட்டார் வீட்டுக்காரர். நீங்க வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாமேம்மா?

கிண்டிக்காரி

அம்மா, எங்களுடையது வாடகை ஒப்பந்தம் இல்லை. மெம்பர்ஷிப் ஒப்பந்தம், உபயோகிக்க உரிமம் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறது. அதனால் அந்த வழி எங்களுக்குத் திறக்காது. உங்கள் வீட்டு விஷயத்தில் பெயின்ட் பில் கேட்டீர்களா?

பீளமேடு பையன்

அக்கா, என் கதையில் நோட்டீஸ் பிரச்சினையே இல்லை. கோவையில் ரெண்டு சீட். எங்க ஜிஎஸ்டி பதிவு அவங்க முகவரியில இருக்கு. முகவரி மாற்றின சான்று குடுத்தாதான் டெபாசிட்னு சொல்றாங்க. புது இடம் இன்னும் முடிவாகல. மூணு மாசமா இழுக்குது. இது நியாயமா?

கணக்குப்பிள்ளை

தம்பி, இதில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய பதிவு அவர்கள் முகவரியிலேயே நின்றால் அதிகாரி சோதனைக்கு அங்கேதான் வருவார், கடிதமும் அங்கேதான் போகும். புது ஆளுக்கும் அதே கேபினைக் காட்டிப் பதிவு எடுக்க இடைஞ்சலாகும். முகவரி மாறிய 15 நாளுக்குள் நீங்களே ஜிஎஸ்டி பதிவைத் திருத்தும் REG-14 படிவத்தைப் போட வேண்டும் என்பது விதி. இப்போதைக்கு உங்கள் வீட்டு முகவரிக்கு, உரிமையாளர் சம்மதக் கடிதத்தோடு மாற்றிவிடுங்கள். ஏற்பு உத்தரவு வந்ததும் அதன் நகலையும் ஒப்படைப்புத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். அதோடு அவர்களுடைய காரணம் தீர்ந்துவிடும். கம்பெனியாக இருந்தால் பதிவு அலுவலக முகவரியையும் தனியாக மாற்ற வேண்டும், அதை மறக்கிறவர்கள் அதிகம்.

பீளமேடு பையன்

ஒப்படைப்புத் தாளே இல்லண்ணா. மேனேஜர், "கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல"ன்னு சொல்லிட்டார்.

உயர்நீதிமன்ற வாசி

நான் வழக்கறிஞர், ஆனால் இங்கே சொல்வது பொதுவாகத்தான்.

கையெழுத்து மறுத்தால் அங்கேயே நின்று மெயில் போடுங்கள்: "இன்று இத்தனை மணிக்கு இன்னாரிடம் இத்தனை கார்டு, இத்தனை சாவி கொடுத்தேன், கையெழுத்திட மறுத்தார்." கூடவே படங்கள். அதை அவர்கள் மறுக்காமல் விட்டதே பிறகு உங்களுக்கு உதவும். காலம் கடந்துவிட்டதால் தம்பி இப்போது செய்யக்கூடியது, நடந்ததைத் தேதியோடு எழுதி உறுதிப்படுத்தக் கேட்பது. கார்டு வேலை செய்யாமல் போன தேதியை ஆப்பில் பார்க்க முடிந்தால் அதையும் எடுத்து வையுங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப் உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இந்தத் துறையில் மேனேஜர்கள் அடிக்கடி மாறுவார்கள். மூல மெயிலையும் போனையும் அழிக்காதீர்கள், நீதிமன்றத்தில் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

கிண்டிக்காரி அவர்களே, வட்டி கேட்ட தேதியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் கெடு இருந்தால் அந்த நாளிலிருந்து கேட்கலாம். கெடு இல்லாத ஒப்பந்தம் என்றால், வட்டி வேண்டும் என்று எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான். அதனால் எல்லோரும் கடிதத்தில் வட்டியை எழுத வேண்டும். வாயால் கேட்டதற்கு மதிப்பில்லை.

ரீஸ்டோரேஷன் பற்றி ஒரு கேள்வி. ஒப்பந்தத்தில் அதற்குத் தொகை எழுதியிருக்கிறதா?

கிண்டிக்காரி

இருக்கிறது சார். சீட்டுக்கு 2,000, வரி தனி. சேதம் இருந்தால் என்றும் இல்லை, இல்லாவிட்டால் என்றும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த லோகோவைக்கூட நாங்களே உரித்துச் சுத்தம் செய்துதான் கொடுத்தோம், படத்தில் தெரியும்.

உயர்நீதிமன்ற வாசி

அங்கேதான் சிக்கல். நஷ்ட ஈடாக எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான அளவே கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் அப்படியே பிடிக்க முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர்கள், "இது அபராதம் அல்ல, வெளியேறும்போது செய்யும் சேவைக்கு நிர்ணயித்த கட்டணம்" என்று வாதிடுவார்கள். அந்த வாதம் முழுக்கத் தள்ளக்கூடியது என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவும் இருக்கிறதா பாருங்கள். வேற்று ஊரில் நடுவர் என்றால் 14,160-க்காக அங்கே போய்வருவது கட்டுப்படியாகாது.

திருப்பூர் மணி

அப்ப கன்ஸ்யூமர் கோர்ட்?

உயர்நீதிமன்ற வாசி

வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்ப்பு வரும். தனி ஆளாகப் பிழைப்புக்காகச் சீட் எடுத்தவருக்கு விலக்கு உண்டு. பீளமேடு தம்பிக்கு ஒருவேளை பொருந்தும். ஆறு பேர் வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு எளிதல்ல.

கிண்டிக்காரி

கடிதத்தில் கொடுத்த 15 நாள் கெடு முடிவதற்கு முன்பே பணம் வந்தது: 75,840. நோட்டீஸ் குறைவையும் கார்டு பிடித்தத்தையும் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஜூலை இன்வாய்ஸ் கேட்ட வரிக்குப் பதிலே இல்லை. ஜூலை முதல் வாரம் எங்கள் தபாலை எடுக்கப் போனபோது அதே கேபின் கதவில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தது, அதன் படத்தையும் கடிதத்தோடு வைத்திருந்தேன். எதைப் பார்த்து இறங்கினார்கள் என்று தெரியவில்லை.

14,160 நிற்கிறது. ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கிறது சார், இடம் பெங்களூரு. அந்தத் தொகைக்கு மட்டும் இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன்: வேலை செய்த பில்லைக் காட்டுங்கள், இல்லையென்றால் இன்வாய்ஸாவது போடுங்கள் என்று. சீட் கணக்கில் நிர்ணயித்த இந்தக் கட்டணத்தை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

பெருங்குடி ஸ்டுடியோ

நாங்கள் பாதி வாங்கினோம். அதே நிறுவனத்தின் வேறு கிளைக்கு மாறியபோது பேரம் பேசி. வெளியே போகிறவருக்குக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.