குறும்படத்துக்கு ஏற்கனவே உள்ள பாட்டா, புதிதாகப் போட்ட இசையா?

கடைசி செமஸ்டர்
12 நிமிட டிப்ளமோ படம். ஒரு காட்சியில் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று ஓடுகிறது, அம்மா கேரக்டர் கூடவே முணுமுணுக்கிறார். அதே பாட்டு எண்ட் கிரெடிட்டிலும் வருகிறது. பாட்டின் பப்ளிஷர் "திரைப்பட விழாக்களுக்கு மட்டும், கையெழுத்திட்ட நாளிலிருந்து ஒரு வருஷம்" என்று சின்னத் தொகைக்குச் சம்மதித்துவிட்டார். ரெக்கார்டிங் கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை. இசை படிக்கும் நண்பன் ஒருவன் காசு வாங்காமல் இசையமைத்துத் தருகிறேன் என்கிறான். எதை எடுக்கலாம்? நண்பனிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

மாலைக்காட்சி
பாட்டையே வையுங்கள். அந்தப் பாட்டு இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. பப்ளிஷர் சரி என்றாச்சு, மாணவர் படம், லாப நோக்கம் கிடையாது. ரேடியோவில் வருவது 30 செகண்டுக்குள் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

எடிட் டேபிள்
30 செகண்ட் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரிகளும் பப்ளிஷர் கையில், நாம் காதால் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட பதிவு ரெக்கார்டிங் கம்பெனி கையில். ஒருவர் சம்மதித்தால் பாதி வாசல்தான் திறந்திருக்கிறது. மாணவர் என்ற சலுகை சில நாடுகளில் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வகுப்பறைக்குள் போட்டுக் காட்டுவதோடு முடிந்துவிடும். விழாவில் திரையிடுவது அதில் சேராது. விண்ணப்பப் படிவத்திலேயே இசைக்கு உரிமை இருக்கிறது என்று கையெழுத்து கேட்கும் விழாக்கள் பல.

கடைசி செமஸ்டருக்கு ஒரு கேள்வி: அம்மா முணுமுணுக்கும்போது முகம் தெரிகிறதா?

கடைசி செமஸ்டர்
குளோசப். வரிகள்கூடத் தெளிவாகத் தெரியும்.

எடிட் டேபிள்
அப்படியானால் நண்பன் எவ்வளவு நல்ல இசை போட்டாலும் பப்ளிஷரை விட்டுவிட முடியாது. முணுமுணுப்பதும் அந்த மெட்டைப் பயன்படுத்துவதுதான். ஆனால் அதற்கு ரெக்கார்டிங் கம்பெனி தேவையில்லை, ஏனென்றால் அங்கே அவர்களுடைய பதிவு ஓடவில்லை.

வழி இங்கேதான் இருக்கிறது. பப்ளிஷரிடம் "இந்தப் பாட்டை நாங்களே புதிதாகப் பாடிப் பதிவு செய்துகொள்ளலாமா" என்று கேட்டு, அதையும் அனுமதியில் எழுதி வாங்குங்கள். நண்பனை வைத்துப் பதிவு செய்து, மேல்கீழ் அதிர்வெண்களை வெட்டி ரேடியோ ஸ்பீக்கரில் வருகிற மாதிரி ஆக்கினால், வசனத்துக்கு அடியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எண்ட் கிரெடிட்டுக்கு நண்பனின் சொந்த இசை. பழைய பாட்டை அங்கேயும் வைத்தால் அது தனிப் பயன்பாடு, தனியாகக் கேட்பார்கள்.

சுரவரிசை
நான் இசையமைக்கிறவள். காட்சியையே திரும்ப எடுங்கள் என்பேன். விழா அனுமதி ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும். அதன் பிறகு படத்தை இணையத்தில் போட முடியாது, ஓடிடி கேட்டால் கொடுக்க முடியாது. அந்த மெட்டு முகத்தோடு ஒட்டியிருப்பதால் வெட்டி எடுக்கவும் முடியாது. ஒரு முணுமுணுப்புக்காகப் படத்தையே அடகு வைக்கிற வேலை இது. எடிட்டுக்காகத் தற்காலிகமாகப் போட்ட டெம்ப் டிராக்கோடு மாதக்கணக்கில் வேலை செய்தால், அது இல்லாமல் காட்சி இல்லை என்றுதான் தோன்றும். அந்த மயக்கத்தை நம்பாதீர்கள்.

எடிட் டேபிள்
காலாவதி பற்றிச் சொன்னது சரி. அதற்குத்தான் பப்ளிஷரிடம் இரண்டு திருத்தம் கேட்கச் சொல்கிறேன். ஒன்று, அந்த ஒரு வருஷம் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, முதல் திரையிடலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பித்துப் பதில் வருவதற்குள்ளேயே பாதி வருஷம் போய்விடும். இரண்டு, பின்னாளில் இணையத்துக்கும் ஓடிடிக்கும் நீட்டிக்க என்ன தொகை என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். படம் பரிசு வாங்கிய பிறகு கேட்டால் பேரம் பேச நம்மிடம் ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் மறுத்தால் சுரவரிசை சொல்வதுதான் சரி, திரும்ப எடுங்கள்.

ஒற்றைத்தந்தி
என் பயண வீடியோவுக்கு CC BY-NC-ND என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் போட்ட ஒரு பாட்டைச் சேர்த்தேன். பெயர் போட்டேன், காசு சம்பாதிக்கவில்லை. இதுவும் லைசென்ஸ் பெற்ற இசைதானே? அதையே இவரும் செய்யலாமே?

எடிட் டேபிள்
கடைசியில் இருக்கும் ND-யைப் பாருங்கள். இசையைப் படத்தோடு பொருத்துவதையே அந்த லைசென்ஸ் தழுவல் என்று கொள்கிறது, ND தழுவலைப் பகிர விடாது. உங்கள் வீடியோவுக்கும் அது பொருந்தாது. CC BY மட்டும் இருந்தால் பெயர் போட்டுப் பயன்படுத்தலாம். இவருக்குக் குறிப்பிட்ட ஒரு பாட்டுதான் வேண்டும், அதனால் அந்த வழி உதவாது.

கடைசி செமஸ்டர்
பப்ளிஷருக்கு எழுதுகிறேன். நண்பனிடம் எழுதி வாங்குவது என்ன? அவனோடு ஒப்பந்தம் பேசவே கூச்சமாக இருக்கிறது.

எடிட் டேபிள்
கூச்சப்படாதீர்கள், அது அவருக்கும் பாதுகாப்பு. ஒரு பக்கம் போதும். நான் பயன்படுத்தும் வாசகம் இது:

"இந்த இசையை இந்தப் படத்தோடும் அதன் டிரெய்லரோடும் சேர்த்து, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், கால வரையறையின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறேன். காட்சிக்கு ஏற்ப வெட்டவும் திரும்ப ஒட்டவும் அனுமதி உண்டு. படத்தின் உரிமை கைமாறினால் இந்த அனுமதியும் அதோடு போகும். இசையின் உரிமை என்னிடமே இருக்கும். இது என் சொந்தப் படைப்பு, பிறர் பதிவு எதுவும் இதில் இல்லை."

கைமாறும் வரி முக்கியம், ஏனென்றால் பல கல்லூரிகளில் டிப்ளமோ படம் மாணவருக்குச் சொந்தமில்லை, கல்லூரிக்குத்தான். யார் பெயரில் அனுமதி வாங்குவது என்று முதலில் அங்கே கேளுங்கள். புல்லாங்குழல் வாசிக்க வேறு ஒருவர் வந்தால் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். டைட்டிலில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இசையை ஒரே கோப்பாக வாங்காமல் தாளம், தந்தி, குரல் என்று தனித்தனி ஸ்டெம்களாக, 48 kHz, 24 பிட் WAV-ஆக வாங்கினால் மிக்ஸில் வசனத்தைக் காப்பாற்றலாம்.

சுரவரிசை
அந்த வாசகத்தின் கடைசி வரியை ஒரு இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட முடியாது. எல்லாரும் லைப்ரரி லூப் பயன்படுத்துகிறோம், பெரும்பாலும் அதற்கு அனுமதியும் இருக்கிறது. ஆனால் அதே லூப்பை வேறொருவர் தன் பாட்டில் வைத்து யூடியூபில் உரிமை மீறலைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருந்தால், உங்கள் படத்தின் மேல் உரிமைக் கோரிக்கை வந்து விழும். "உரிமம் பெற்ற லூப்களும் மெய்நிகர் வாத்தியங்களும் தவிர" என்று சேர்த்துவிடுங்கள். எந்த லூப் என்று பட்டியலும் கேளுங்கள்.

இன்னொன்று, காசு இல்லாத வேலைக்குக் கால வரையறையற்ற அனுமதி கேட்பது நியாயமில்லை. படம் விற்றால் அவருக்கு ஒரு பங்கு என்று எழுதுங்கள்.

எடிட் டேபிள்
லூப் திருத்தம் சரி, சேர்த்துக்கொள்கிறேன். பங்கு தருவதில் தடையில்லை. ஆனால் அனுமதிக்குக் கால வரையறை வைத்தால் பப்ளிஷரிடம் மாட்டிய அதே இடத்தில் நண்பனிடமும் மாட்டிக்கொள்வார்.

சுரவரிசை
பத்து வருஷம் என்று வைத்துப் பிறகு புதுப்பிக்கலாம். குறும்படத்துக்கு அதுவே தாராளம்.

மாலைக்காட்சி
பத்து வருஷம் கழித்து அந்த நண்பரை எங்கே போய்த் தேடுவது?

கடைசி செமஸ்டர்
நண்பனிடம் காட்டினேன். பங்கு வேண்டாமாம், ஆல்பத்தில் தனியாக வெளியிட அனுமதி வேண்டுமாம். உரிமை அவனிடமே இருப்பதால் அதில் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். பப்ளிஷர் மறுபதிவுக்குச் சரி என்றுவிட்டார், நீட்டிப்புத் தொகை பற்றி இன்னும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் முணுமுணுப்பு இல்லாமல் அந்தக் குளோசப்பைத் திரும்ப எடுக்க நடிகையிடம் தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.