[கலைச்சொல்] இரண்டு நல்ல சொற்கள் சேர்ந்து வேண்டாத பொருள் தந்தால் அந்தப் பிழைக்கு என்ன பெயர்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் வாசிப்பு மன்றத்துக்காக ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் சொந்தப் பெயரில் உள்ளே வரக்கூடாது என்பதால், ஒரு பெயரடையையும் ஒரு பெயர்ச்சொல்லையும் சேர்த்து நிரலே ஆளுக்கொரு பயனர்பெயர் கொடுக்கும். பாடும் குயில், இனிய தென்றல் என்பது போல. பெயரடை 60, பெயர்ச்சொல் 80. ஆக 4800 பெயர்கள்.

நேற்று ஐம்பது பெயர்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதாக வந்தது "நல்ல பாம்பு". நல்ல என்பதும் பாம்பு என்பதும் குழந்தைகள் தினம் சொல்கிற சொற்கள்தான். சேர்ந்ததும் நாகப்பாம்பாகிவிட்டது. அதற்குக் கீழே "சின்ன வீடு". பதினொரு வயதுப் பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் போயிருந்தால் அவளுடைய அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? "சிறு" என்பதோடு "நீர்" சேர்ந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செயலியின் குறிப்புகள் முழுவதும் தமிழில் எழுதுகிறோம். இந்தப் பிழையை ஒவ்வொரு முறையும் நான்கு வரியில் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரே சொல் வேண்டும். "விபரீதச் சேர்க்கை" என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கோபால் எழுதியது:

பயனர்பெயர் என்ற சொல் பல ஆண்டுகளாக வழக்கில் இருக்கிறதே. சிலர் பயனாளர் பெயர் என்கிறார்கள். பயனர்பெயரே போதும், புதிதாக எதுவும் தேவையில்லை.

அசோக் எழுதியது:

கோபால் சார், அவர் கேட்பது பயனர்பெயருக்குச் சொல் அல்ல, அதில் வரும் பிழைக்கு.

செல்வி, இதற்குத் தனிச்சொல் எதற்கு? கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்றை வைத்து வடிகட்டினால் முடிந்தது. பிழைக்குப் பெயர் "தகாச்சொல்", வேலைக்குப் பெயர் "தகாச்சொல் வடிகட்டி". என்னிடம் முந்நூறு சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது, அனுப்புகிறேன்.

பபிதா எழுதியது:

நான் மலேசியாவில் இருக்கிறேன். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்து கணினியே அடையாளப் பெயர் கொடுக்கும். எனக்குக் கிடைத்தது `babi07`. மலாயில் babi என்றால் பன்றி. மாற்றித் தரச் சொல்லி ஒன்பது மாதம் கேட்டேன். ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அதுதான் என் பெயராக நின்றது. "கணினி கொடுத்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை" என்பதே பதில்.

செல்வி கேட்டது இதுதானா என்று தெரியவில்லை, இங்கே இரண்டு சொல் சேரவில்லை. ஆனால் குழந்தைக்குப் பெயர் பிடிக்கவில்லை என்றால் ஒரே தட்டில் மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

நிர்மலா எழுதியது:

பபிதா சொன்ன மாற்றும் பொத்தான் கட்டாயம் வேண்டும்.

அசோக், உங்கள் முந்நூறு சொற்களில் "சின்ன" இருக்காது, "வீடு" இருக்காது. "நீலம்", "படம்" இரண்டும் இருக்காது. "சிவப்பு", "விளக்கு" இருக்காது. தவறு சொல்லில் இல்லை, இணையில் இருக்கிறது. சொல்லை மட்டும் பார்க்கிற வடிகட்டி மறுபக்கமும் தவறு செய்யும். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான் காரணம்.

இணையைத் தடுத்ததற்குப் பேர்போன எடுத்துக்காட்டு, நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் மென்பொருளில் இருக்கிறது. கொள்கலன்களுக்கு அது ஒரு பெயரடையையும் ஓர் அறிஞர் பெயரையும் சேர்த்துப் பெயர் வைக்கும். நம் ராமானுஜனும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த நிரலுக்குள் இப்படி ஒரு வரி:

```go
if name == "boring_wozniak" /* Steve Wozniak is not boring */ {
	goto begin
}
```

boring என்ற சொல்லும் பட்டியலில் இருக்கிறது, வாஸ்னியாக்கும் இருக்கிறார். அந்த இரண்டும் சேர்வதை மட்டும் விலக்கிவிட்டு, வேறு பெயர் எடுக்கிறார்கள். செல்விக்கு வேண்டியதும் இதுதான், நீளமான பட்டியலோடு.

4800 என்பது பெரிய எண் அல்ல. மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 1600. ஒன்றுக்கு நான்கு நொடி வைத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். கண்ணால் படிக்க முடிகிற அளவிலேயே பட்டியலை வைத்திருங்கள். ஆயிரம் பெயரடை சேர்க்கும் ஆசை வேண்டாம்.

மாணிக்கம் எழுதியது:

செல்வி அம்மாவுக்கு, முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே இரண்டு வேறு பிழைகள் கலந்து கிடக்கின்றன. ஒரே சொல் போதாது.

முதலாவது, சொற்கள் பிரிந்தே நிற்கும், ஆனால் இணைக்கென்று வழக்கில் ஒரு பொருள் ஊறியிருக்கும். நல்ல பாம்பு அப்படி. அஞ்சத்தக்க ஒன்றை நல்ல பெயரால் சொல்வதை மங்கலம் என்பார்கள், கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்கிற மாதிரி. இரண்டாவது, ஒட்டி எழுதும்போது எங்கே பிரிப்பது என்ற குழப்பம். "செம்பொன்பதின்றொடி" என்பதைச் செம்பொன் பதின்தொடி என்றும் பிரிக்கலாம், செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம். ஒன்றில் பொன், மற்றதில் செம்பு. தொல்காப்பியரே எழுத்து ஒன்றுபோல் இருந்து பொருள் வேறுபடும் புணர்ச்சி என்று இதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

எனவே முதலாவதற்குப் "புணர்பொருள்", இரண்டாவதற்குப் "பிரிமயக்கம்" என்று முன்மொழிகிறேன்.

செல்வி எழுதியது:

மாணிக்கம் ஐயா, பிரிமயக்கம் மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டாவது வகை இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. உடனே என் பட்டியலில் தேடினேன். பெயரடைகளில் "நீந்தும்" இருக்கிறது, மீன்களில் "அயிரை" இருக்கிறது. முகவரியில் இடைவெளி வராது என்பதால் ஒட்டித்தான் எழுதுகிறேன்:

```python
a, b = "நீந்தும்", "அயிரை"
a + b            # நீந்தும்அயிரை
a[:-1] + b[1:]   # நீந்துமயிரை
```

முதல் வரி திரையில் தெரிவது. இரண்டாவது, புள்ளியும் அகரமும் சேர்ந்து உயிர்மெய்யான பின், அதாவது பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும்போது காதில் விழுவது. "நீந்து மயிரை" என்று கேட்கிறது. அசோக் அனுப்பிய பட்டியலில் அந்தச் சொல் இருந்தும் முதல் வடிவத்தில் அது சிக்கவில்லை, நடுவில் புள்ளி நின்று தடுத்துவிட்டது. சேர்த்து எழுதியபின் ஓடவிட்டேன், உடனே பிடித்தது. அசோக், உங்கள் வடிகட்டி பிரிமயக்கத்துக்குப் பயன்படுகிறது, நன்றி.

ஆனால் ஐயா, "புணர்பொருள்" வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இலக்கணத்தில் அது தூய சொல், எனக்குத் தெரியும். நூலகத் தன்னார்வலர்களில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொதுவழக்கில் புணர்தல் என்றால் அவர்களுக்கு ஒரே பொருள்தான். நாம் எந்தப் பிழைக்குப் பெயர் தேடுகிறோமோ அதே பிழை பெயருக்குள்ளேயே வந்துவிடும். "சேர்பொருள்" என்று வைக்கலாமா?

மாணிக்கம் எழுதியது:

வழக்கு கெட்டதற்காக இலக்கணச் சொல்லைக் கைவிட்டுக்கொண்டே போனால் ஒருநாள் வகுப்பில் புணர்ச்சி விதி என்றே சொல்ல முடியாமல் போகும். என் கருத்து மாறவில்லை. சேர்பொருள் வினைத்தொகை, குற்றமில்லை, ஆனால் எதோடு எது சேர்கிறது என்பது அதில் தெளிவாக இல்லை.

பிரதீபன் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். செல்வி அக்காவின் பட்டியலில் "கரு" என்ற அடையும் "புலி" என்ற பெயரும் இருப்பதைப் பார்த்தேன். அது கரும்புலி என்று வரும். எங்களிடம் அந்தச் சொல் ஒரு காட்டு மிருகத்தைக் குறிக்காது. போரில் தற்கொடைத் தாக்குதலுக்குப் போனவர்களின் பெயர் அது. இங்கே ஒரு பிள்ளையின் பெயராக அது திரையில் வந்தால் அந்தப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் உண்மையான ஆபத்து வரலாம், மனத்தளவிலும் பலருக்கு வலிக்கும். இங்குள்ள நூலகங்களும் உங்கள் செயலியைக் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். நிர்மலா அக்கா சொன்ன மூன்று பேரில் ஒருவர் இலங்கையிலிருந்து இருக்கட்டும். ஒரே ஊரிலுள்ள மூன்று பேர் படித்தால் மூவர் கண்ணிலும் ஒரே பிழைதான் படும்.

நிர்மலா எழுதியது:

பிரதீபன், மிகவும் நன்றி. 4800-ஐயும் நானே படித்திருந்தாலும் அதைக் கருஞ்சிறுத்தை போலவே கடந்து போயிருப்பேன்.

இன்னொன்றும் கவனித்தேன். இதுவரை வந்த சேர்பொருள்கள் எல்லாவற்றையும் பாருங்கள்: நல்ல, சின்ன, சிறு, கரு, நீலம், சிவப்பு. அளவும் நிறமும் குணமும் சொல்கிற பழைய அடைகள். அவை ஆயிரம் ஆண்டுகளாகப் பெயர்களோடு ஒட்டி ஒட்டிப் புதுப்பொருள் ஈன்றிருக்கின்றன. "கரு" இன்னொரு வகையிலும் வேண்டாம். அது எந்த விலங்கோடு சேர்ந்தாலும் மாநிறப் பிள்ளைக்குக் கேலியாகிவிடும். கருங்காலி நல்ல மரம்தான், ஆனால் வேலைநிறுத்தத்தை முறிப்பவனுக்கும் அதுதான் பெயர். அந்த வகை அடைகளை மொத்தமாக நீக்கிவிட்டு பாடும், நீந்தும், மின்னும், துள்ளும் என்று வினையிலிருந்து வரும் அடைகளை மட்டும் வையுங்கள். அவை பெயரோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. வல்லினம் மிகுமா மிகாதா என்ற தலைவலியும் இல்லை. பச்சைக்கிளிக்குக் "க்" வேண்டும், பாடும் கிளிக்கு வேண்டாம். அயிரையில் பார்த்த சிக்கல் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களில்தான் வரும், அணிலையும் ஆமையையும் விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது.

எண் சேர்ப்பதாக இருந்தால் எச்சரிக்கை. டாக்கர் பெயர் மோதினால் கடைசியில் ஓர் இலக்கம் ஒட்டும். நம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. 420 என்றால் மோசடிக்காரன். 9 என்பதைத் திருநங்கையரை இழிவுபடுத்தப் பயன்படுத்துகிறார்கள், பள்ளிக்கூடத்தில் அதை வைத்துப் பிள்ளைகளை அழவைப்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குப் பதிலாக, பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் வேறு இணையை எடுக்கச் சொல்லுங்கள்.

கோபால் எழுதியது:

இப்போதுதான் புரிந்தது. அணிலை எடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. இடையில் ஒரு கோடு போட்டு "பாடும்-அணில்" என்று எழுதினால் ஆகாதா?

செல்வி எழுதியது:

கோபால் சார், திரையில் ஆகும். வாயால் சொல்லும்போது கோடு காணாமல் போய்விடும், அதனால் அயிரைக்கு உதவாது. அணிலுக்குப் "பாடுமணில்" என்று வருவதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. உயிரெழுத்துப் பெயர்கள் பதினாறையும் எல்லா அடைகளோடும் சேர்த்து எழுதி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். தேறுபவை இருக்கட்டும்.

குறிப்பில் இப்போதைக்குப் "பிரிமயக்கம்", "சேர்பொருள்" என்று எழுதிவிட்டேன். மாணிக்கம் ஐயாவின் மறுப்பையும் அவர் பெயரோடு பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன். பபிதாவுக்கு நடந்ததற்கு இரண்டுமே பொருந்தவில்லை, வேற்றுமொழியில் பொருள் வருவதற்கு மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை. புதிய அடைப் பட்டியலை நாளை இரவு அனுப்புகிறேன். பிரதீபன், முதல் 1600 உங்களுக்கு.