முரசுமேடா, நுனியண்ணமா? பக்கவாட்டு வாய்ப் படத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளவத்தையில் ஆசிரிய பயிலுநர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில், முகத்தை இடப்பக்கம் பார்க்க வைத்துப் பிளந்து காட்டிய வாய்ப் படமொன்றைக் கொடுத்து, பேச்சுறுப்புகளின் பெயர்களை எழுதச் செய்தேன். உதடு, பல், நாக்கு எவருக்கும் தடையாக இருக்கவில்லை. மேல் முன்பல்லுக்குப் பின்னால், அண்ணம் மேலே வளைந்து ஏறுவதற்கு முன் இருக்கும் சிறு புடைப்புக்குப் பட்டியலில் "நுனியண்ணம்" என்று எழுதியிருந்தேன். பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சொல்லை வாயின் மறுகோடியில், உள்நாக்கு தொங்கும் இடத்தில் எழுதிவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது, "அண்ணத்தின் நுனி அதுதானே, மிஸ்? தொங்கிக்கொண்டு நிற்கிறதே" என்றார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணத்துக்கு இரண்டு முனைகள் இருக்க, எது நுனி என்பதைச் சொல் காட்டித் தரவில்லை.

ஆகவே அந்தப் புடைப்புக்கு "முரசுமேடு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். பல்லைச் சுற்றியுள்ள தசையை நம் வீடுகளில் முரசு என்றுதானே சொல்கிறோம்.

— ஆசிரியை, வெள்ளவத்தை

*

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

புதிதாக ஒரு சொல்லைத் தேட வேண்டிய தேவையே இல்லை. தொல்காப்பியப் பிறப்பியல் "அண்பல்" என்று ஏற்கெனவே தந்திருக்கிறது. லகாரமும் ளகாரமும் அங்கேதான் பிறக்கின்றன. சிலர் எழுதும் "பல்முகடு" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். முறையாகப் புணர்த்தினால் அது "பன்முகடு" ஆகிப் பல முகடுகள் என்று பொருள்பட்டுவிடும். ஈறு என்று தொடங்கினாலும் தொல்லைதான். சொல்லின் ஈறு, பல்லின் ஈறு என்று இரண்டையும் ஒரே இலக்கண வகுப்பில் எப்படி நடத்துவீர்கள்? முரசு என்றால் தமிழகத்தார் கொட்டும் முரசை நினைத்துக்கொள்வார்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

*

நான் பல் மருத்துவன், இலக்கணம் அறியேன். "முரசு வீங்கியிருக்கிறது, டொக்டர்" என்று சொல்லாத நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் அந்தச் சொல் இங்கே எவருக்கும் விளங்கும். ஆனால் எங்கள் துறையில் அந்த மேடு என்பது பற்களைத் தாங்கும் எலும்பு. அது மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் கடைவாய் வரை இலாட வடிவில் ஓடுகிறது. படத்தில் ஒரு புள்ளியை மட்டும் காட்டினால் மாணவர்கள் தவறாகப் படிப்பார்கள் அல்லவா? கீழ்த் தாடைக்கும் ஓர் அம்பு போடுங்கள்.

இன்னொன்று: மேல் பல் செற் கட்டிய ஒரு பெரியவர், "ல்" சரியாக வரவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தார். முன்பல்லுக்குப் பின்னால் தகடு தடித்திருந்தது. அதைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் போனார்.

— பல் மருத்துவர், தெகிவளை

*

டொக்டர் ஐயாவின் நோயாளிதான் இந்த விவாதத்துக்கு வேண்டிய சான்று. அவருடைய நாக்குநுனி தேடிப் போன இடத்தைத் தகடு மூடியிருந்தது. ஆனால் கீழ்த் தாடைக்கு அம்பு வேண்டாம். உடற்கூற்றுப் படம் எலும்பு எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும். ஒலிப்புப் படமோ நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று காட்டும். நாக்குநுனி தொடப் போவது மேலேதான்.

தமிழாசிரியர் ஐயா சொன்னது பாதி சரி. அண்பல் என்பது மேல்வாய்ப் பல்லே. நூல் லகார ளகாரத்துக்குச் சொல்வது "அண்பல் முதல்", அதாவது அந்தப் பல்லின் அடி. ஆனால் தகார நகாரத்துக்கும் அதே நூல் "பல்முதல்" என்றே சொல்கிறது. றகார னகாரத்துக்கு வரும்போது நாநுனி அண்ணத்தை ஒற்றும் என்கிறது. த பிறக்கும் இடமும் ற பிறக்கும் இடமும் வேறு என்று அது தெளிவாக அறிந்திருக்கிறது. ஆனால் இடையிலுள்ள மேட்டுக்குத் தனிப் பெயர் இடவில்லை. பல்லைக் குறிக்கும் சொல்லை மேட்டின் மேல் ஒட்டினால், மாணவர் அம்பைப் பல்லிலேயே கொண்டுபோய் முடிப்பார்.

மனனத்துக்கு நான் பயிற்சியில் செய்வதைச் சொல்கிறேன். பப்படம், பத்து, பற்று, பட்டு, பச்சை, பக்கம் என்ற ஆறு சொற்களையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இரட்டித்த மெய்யில் நின்று, வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று உணரச் சொல்வேன். முதலில் உதடு, பிறகு பல்லின் பின்புறம், பற்று என்னும்போது நுனி முரசின் மேல் ஏறும், பட்டு என்னும்போது மேட்டைத் தாண்டி மடியும், பச்சையில் நாக்கின் உடல் வல்லண்ணத்தில் படியும், பக்கத்தில் நாக்கின் பின்புறம் மெல்லண்ணத்தை அடைக்கும். படத்தில் இடமிருந்து வலமாக வரும் வரிசையும் இதுவே. யாழ்ப்பாணப் பேச்சு உள்ளவருக்கு இது வாயிலேயே எழுதி வைத்த படம். ரொறன்ரோ என்று நாம் றகரம் போட்டு எழுதுவதும் அந்த மேட்டை நாக்கு அறிந்திருப்பதால்தான்.

— பேச்சுச் சிகிச்சையாளர், கொழும்பு

*

மன்னிக்க வேண்டும், அக்கா. நான் ஹட்டனில் பிறந்தவள், இப்போது மருதானையில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் காற்றும் காத்துத்தான், பற்றும் பத்துத்தான். உங்கள் ஆறு சொற்களில் எனக்கு ஐந்து இடம்தான் கிடைத்தது; மேடு கிடைக்கவே இல்லை. நான் படத்தில் எதைப் பார்த்து மனனம் செய்வது?

*

தங்கச்சி கேட்டது நியாயம். என் வரிசையின் ஓட்டை அதுதான். "பல்" என்று சொல்லி, கடைசி ல்-இல் நில்லுங்கள். பல் என்று சொன்னாலும் பெரும்பாலும் நாக்குநுனி பல்லில் நிற்பதில்லை. அதற்குச் சற்றுப் பின்னால் நிற்கும். அங்கிருந்து நுனியை மெதுவாகப் பின்னே இழுத்தால், முதலில் குறுக்கு வரிகள் தட்டுப்படும் புடைப்பு, பிறகு ஒரு படி போல் ஏற்றம், அதற்கப்பால் வழவழப்பான குழிவு. அந்தப் படிக்கு முன்னால் உள்ளதே உங்கள் மேடு. மெல்லண்ணத்தை விரலால் தேட வேண்டாம், குமட்டும். பக்கம் என்று சொல்லி உணர்வதே போதும்.

— பேச்சுச் சிகிச்சையாளர்

*

நேற்று இரவு படத்தைத் திரும்பப் பார்த்தேன். குற்றம் சொல்லில் மட்டும் இல்லை. நான் நகலெடுத்த படத்தில் பல்லிலிருந்து அண்ணம் வரை ஒரே வளைகோடாக வரைந்திருக்கிறது, புடைப்பே இல்லை. பெயரெழுத இடமில்லாத இடத்துக்குப் பெயர் கேட்டிருக்கிறேன். இப்போது புடைப்பை வரைந்து, "முரசுமேடு" என்று எழுதி, வகுப்பில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.

கீழே இன்னொரு குழப்பம் இருக்கிறது. "குரல்வளை" என்று நான் எழுதியதைச் சிலர் பின்புறக் குழாயில், அதாவது உணவுக்குழாயில் குறித்தார்கள். வேறு சிலர் மூச்சுக்குழாயின் மூடியில் குறித்தார்கள். நான் காட்ட நினைத்ததோ முன்புறக் குழாயில், மூடிக்குக் கீழே, கழுத்து மணிக்கு நேர் பின்னால் இரு குரல்நாண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பக்கவாட்டுப் படத்தில் அது ஒரு சிறு வெட்டாக மட்டுமே தெரிகிறது. குரல்வளை என்பது பெட்டியின் பெயர். பெட்டிக்குள் உள்ள திறப்புக்கு வேறு பெயர் வேண்டும். "குரல்நாண் இடைவெளி" நீளமாக இருக்கிறது. "மிடற்றுவாய்" எப்படி?

— ஆசிரியை, வெள்ளவத்தை

*

மிடறு பழைய சொல், மகிழ்ச்சி. ஆனால் மிடறு என்றால் தொண்டை முழுவதும். தண்ணீரை ஒரு மிடறு குடி என்று நாள்தோறும் சொல்கிறோம். உங்கள் மாணவர்கள் மறுபடியும் உணவுக்குழாயில்தான் எழுதுவார்கள். முரசுமேட்டை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் வகுப்பில் எத்தனை பேர் சரியாகக் குறித்தார்கள் என்று எழுதுங்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை