பாமினி இருக்கிறது, ஆனாலும் எக்ஸ்பியில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது

அலைமகள் (சாம்பல்தீவு)
வணக்கம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு உபயகாரர் பட்டியல் அச்சடிக்க வேண்டும். செயலாளர் தன் போனில் தட்டச்சு செய்து கோப்பாக அனுப்பினார். அதை பென்டிரைவில் போட்டு வாசிகசாலையில் உள்ள பழைய கொம்பியூட்டரில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை, வரி முழுக்க வெறும் சதுரப் பெட்டிகள். இலக்கங்களும் ஆங்கிலமும் சரியாகத் தெரிகின்றன. கொம்பியூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி. எனக்கு விளங்காத விஷயம் என்னவென்றால், இதே கொம்பியூட்டரில் பாமினி எழுத்துரு இருக்கிறது, பத்து வருடத்துக்கு முந்தைய நோட்டீஸ்கள் எல்லாம் அழகாகத் திறக்கின்றன. பெட்டிகளைத் தெரிவு செய்து பாமினிக்கு மாற்றியும் பார்த்தேன், அப்போதும் பெட்டிதான். கோப்பு பழுதாகிவிட்டதா? செயலாளரிடம் திரும்பவும் கேட்கவா?

தம்பலகாமத்தான்
அக்கா, லதா எழுத்துரு இல்லாததுதான் காரணம். வேறு ஏதாவது விண்டோஸ் கொம்பியூட்டரில் latha.ttf என்ற கோப்பைத் தேடி எடுத்து, உங்கள் கொம்பியூட்டரின் C:\WINDOWS\Fonts உள்ளே போடுங்கள். அவ்வளவுதான். நான் இப்படித்தான் செய்தேன்.

மூதூர் வாத்தியார்
எனக்கும் இதே பிரச்சினை. 2006இல் அடித்து வைத்த பரீட்சை வினாத்தாள்கள் புதிய லப்டொப்பில் jpUNfhzkiy என்று ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. தீர்வு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அலைமகள்
தம்பி, லதாவைப் போட்டேன். பெட்டிகள் போய் எழுத்துகள் வந்துவிட்டன, மிக்க நன்றி. ஆனால் நோட்பேடில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. திருகோணமலை என்ற சொல்லில் கடைசி "லை" வரவில்லை. ல முதலில் நிற்க, ஐகாரக் கொம்பு அதற்குப் பின்னால் நிற்கிறது. புள்ளிகளும் மெய்யெழுத்தின் தலையில் ஏறாமல் பக்கத்தில் தனியாக விழுகின்றன. இந்த நிலையில் அச்சடித்தால் உபயகாரர்கள் மனம் புண்படுவார்கள்.

உவர்மலை
சகோதரி, கோப்பு பழுதாகவில்லை. பெட்டி என்றால், அது என்ன எழுத்து என்று கொம்பியூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, அதை வரைந்து காட்டுவதற்கான உருவம்தான் கையில் இல்லை. அதே கோப்பை ஒரு புதிய போனில் திறந்து பாருங்கள், நல்ல தமிழாக வரும்.

பாமினி ஏன் உதவவில்லை என்பதற்கு வாத்தியார் ஐயா எழுதிய jpUNfhzkiy என்பதையே பாருங்கள். பாமினி கோப்பின் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். y வருகிற இடத்தில் ல என்றும் i வருகிற இடத்தில் ஐகாரக் கொம்பு என்றும் பாமினி வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. போனில் அடிப்பது யூனிகோட். அதில் தமிழுக்கென்று 0B80 முதல் 0BFF வரை தனி இடம் உண்டு. பாமினியில் அந்த இடங்கள் எல்லாம் காலி. அதனால்தான் நீங்கள் பாமினிக்கு மாற்றியும் பெட்டியே வந்தது.

இனி, எழுத்து இடம் மாறுவது. iy என்பதைக் கவனியுங்கள். பாமினியில் கொம்பு முதலில், ல பிறகு. கண் பார்க்கிற ஒழுங்கிலேயே அடிக்கிறோம். யூனிகோடில் நாம் சொல்லுகிற ஒழுங்கு: ல முதலில், ஐகாரம் பிறகு. திரையில் வரும்போது கொம்பை முன்னால் தூக்கி வைக்க ஒரு பொறிமுறை வேண்டும். எக்ஸ்பியில் அது இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. தம்பி சொன்னது பாதி வழி. எழுத்துரு உருவத்தைக் கொடுக்கும், ஒழுங்கு செய்வதற்கு விண்டோஸில் ஒரு வசதியையும் திறந்துவிட வேண்டும்.

கண்ட்ரோல் பனலில் Regional and Language Options திறந்து, Languages என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே இந்த வரிக்கு முன்னால் சரி அடையாளம் போடுங்கள்:

```
Install files for complex script and right-to-left languages (including Thai)
```

OK கொடுத்தால் எக்ஸ்பி இறுவட்டைக் கேட்கும். இறுவட்டு இல்லையென்றால் C:\I386 அல்லது C:\WINDOWS\I386 என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள், கடையில் பூட்டிக் கொடுத்த பல கொம்பியூட்டர்களில் அது இருக்கும். அந்தப் பாதையைக் காட்டிவிட்டு மீண்டும் இயக்குங்கள். லதாவும் இதோடு சேர்ந்தே வந்துவிடும்.

மிக முக்கியமாக ஒன்று. இடையில் நோட்பேடில் திறந்து சும்மா சேமித்துவிடாதீர்கள். சேமிக்கும்போது Encoding என்ற இடத்தில் ANSI இருந்தால் தமிழ் எல்லாம் ????? ஆகிவிடும். பெட்டியை மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது. அங்கே UTF-8 என்று மாற்றுங்கள்.

வாத்தியார் ஐயா, உங்களுடையது நேர் எதிரான பிரச்சினை. பாமினியை லப்டொப்பில் நிறுவினால் வினாத்தாள் உடனே தமிழாகத் தெரியும். நிரந்தரமாக மாற்றுவதென்றால் NHM Converter போன்ற ஒன்றில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வினாத்தாளில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவையும் தமிழாக மாறிக் குழம்பும், அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு மாற்றுங்கள்.

மூதூர் வாத்தியார்
விஞ்ஞான வினாத்தாள் தம்பி. ஒவ்வொரு வரியிலும் சூத்திரமும் அலகும் இருக்கின்றன. இப்போதைக்குப் பாமினியை நிறுவிக்கொள்கிறேன்.

அலைமகள்
C:\I386 இருந்தது! சரி அடையாளம் போட்டு மீண்டும் இயக்கியதும் திருகோணமலை ஒழுங்காக வந்துவிட்டது. கோணேஸ்வரி, நாகம்மா என்று பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் இன்னும் பெட்டி நிற்கிறது. தலைப்புக்கு மேலே ஒன்று, சுவாமி பெயருக்கு முன்னால் ஒன்று. போனில் பார்த்தால் அவை ஓங்காரமும் ஶ்ரீயும்.

தம்பலகாமத்தான்
லதாவைத் திரும்பவும் நிறுவிப் பாருங்கள் அக்கா, பாதியில் நின்றிருக்கும்.

உவர்மலை
திரும்ப நிறுவினாலும் அந்தப் பெட்டிகள் போகாது. எக்ஸ்பி வந்தது 2001இல். ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005இல், ஓங்காரக் குறியான ௐ சேர்ந்தது 2008இல். எக்ஸ்பியோடு வந்த லதாவில் இரண்டுக்கும் உருவம் இல்லை. செயலாளரின் போன் விசைப்பலகை ஶ போட்டு எழுதியிருக்கிறது. நீங்கள் ஸ என்ற எழுத்தால் ஸ்ரீ என்று மாற்றினால் லதாவிலேயே சரியாக வரும். ஓங்காரத்தை ஓ, ம் என்று இரண்டு எழுத்தாக அடிக்கலாம். குறியாகவே வேண்டுமென்றால் Noto Sans Tamil இலவசமாகக் கிடைக்கிறது, அதை நிறுவி அந்த எழுத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

அலைமகள்
ஸ்ரீயை மாற்றினேன், வந்துவிட்டது. ஓங்காரம் குறியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் ஐயர், நாளைக்கு அந்த எழுத்துருவைப் பென்டிரைவில் கொண்டுபோகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தலைவர் ஐயாவிடம் மிகப் பழைய அண்ட்ராய்ட் போன் இருக்கிறது, பதிப்பு 2.3 என்று காட்டுகிறது. பட்டியலை அனுப்பினால் அவருக்கும் பெட்டிதான்.

உவர்மலை
அந்தப் பதிப்பில் தமிழ் எழுத்துரு கிடையாது. போன் நிறுவனம் தானாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. எழுத்துருக் கோப்புறை பூட்டியிருக்கும், ரூட் செய்யாமல் நீங்கள் எதையும் உள்ளே போட முடியாது. பட்டியலை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், போனில் தமிழ் இல்லாவிட்டாலும் தெரியும். இல்லையென்றால் அச்சடித்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அலைமகள்
பட்டியலுக்கு அது போதும் அண்ணா. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தமிழில் அனுப்புகிற செய்திகளையும் அவர் வாசிக்க ஆசைப்படுகிறார். போனை ரூட் செய்யப் பயமாக இருக்கிறது, அதில் பழைய படங்கள் இருக்கின்றன. அந்தப் போனிலேயே யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?